எண்பது விநாடிக் காணொலியும் ஒரு பக்கக் கடிதமும்

(உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் தொடர்பான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு. விண்ணப்பக் கடிதத்தின் இந்த வரிசையை நம் மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த வடிவத்துக்கு நாம் மதிப்பெண்ணும் தருகிறோம். ஆனால் பள்ளியையும் கல்லூரியையும் முடித்து முதல் வேலைக்கு எழுத உட்காரும்போது, "ஐயா" என்பதற்கும் "இப்படிக்கு" என்பதற்கும் நடுவில் என்ன எழுதுவது என்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். அந்த நடுப்பகுதியைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுகிறேன்.

நம் பள்ளியில் படித்த ஒரு மாணவர். காட்சித் தொடர்பியலில் பட்டம் முடித்தவர். படத்தொகுப்பாளராக, அதாவது வீடியோ எடிட்டராக, வேலை தேடிக்கொண்டிருந்தார். நேர்காணல்களையும் சிறு ஆவணப்படங்களையும் தமிழில் எடுக்கும் ஒரு நிறுவனம் உதவி எடிட்டர் தேவை என்று அறிவித்திருந்தது. அதற்கு அனுப்ப ஒரு முகப்புக் கடிதமும் ஒரு ஷோ ரீலும் தயாரித்து என்னிடம் காட்டினார். ஷோ ரீல் என்பது தாம் தொகுத்தவற்றிலிருந்து சில துண்டுகளை எடுத்துச் சேர்த்த மாதிரிக் காணொலி. அனுபவச் சான்றிதழ் இல்லாத இளைஞருக்கு அதுதான் சான்று.

படத்தொகுப்பு எனக்குத் தொழில் இல்லை. கல்வித் தொலைக்காட்சிக்காகப் பாடங்கள் பதிவு செய்த நாள்களில் எடிட்டர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதற்காக ஓரிடத்தில் வெட்டுகிறார்கள், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள் என்று அப்போது கவனித்ததுதான் இந்தக் கடிதத்தைப் படிக்க எனக்கு உதவியது.

அவர் முதலில் எழுதியிருந்த கடிதத்தின் நடுப்பகுதி இது:

"நான் கடின உழைப்பும் நேர்மையும் உடையவன். எனக்கு அனைத்து எடிட்டிங் மென்பொருள்களும் தெரியும். சிறு வயது முதலே சினிமாவில் ஆர்வம் உண்டு. எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தால் என் திறமையை நிரூபிப்பேன். என் ஷோ ரீலை இணைத்துள்ளேன்."

பிழை இல்லாத தமிழ். தேர்வில் எழுதியிருந்தால் நாம் முழு மதிப்பெண் கொடுத்திருப்போம். ஆனால் இதே ஐந்து வாக்கியங்களை அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் எவரும் எழுதலாம். "எடிட்டிங்" என்ற சொல்லை மாற்றிவிட்டால் கணக்கர் வேலைக்கும் அனுப்பலாம். படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. "அனைத்து மென்பொருள்களும் தெரியும்" என்ற வரி தீமையே செய்யும். பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் ப்ரோ ஆகிய மூன்றிலும் ஒருவர் சரளமாக வேலை செய்யப் பல ஆண்டுகள் ஆகும் என்பது எடிட்டருக்குத் தெரியும். இருபத்தொரு வயதுக்காரர் அப்படி எழுதினால், மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார்.

"ஷோ ரீலை இணைத்துள்ளேன்" என்ற கடைசி வரிதான் கடிதத்தின் உயிர். அது ஐந்தாவது இடத்தில், எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பே இல்லாமல் நிற்கிறது. ஆகவே கடிதத்தை ஒதுக்கிவிட்டு ரீலை முதலில் பார்ப்போம் என்றேன்.

ரீல் மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. முதல் எட்டு விநாடி அவருடைய பெயர் தீப்பிழம்பாகச் சுழன்று வந்தது. அடுத்து ஒரு நிமிடத்துக்கு மேல் பிரபலத் திரைப்படக் காட்சிகளை ஒரு பாட்டுக்கு ஏற்ப வெட்டி ஒட்டியிருந்தார். பிறகு ஒரு திருமணத்தில் டிரோனில் எடுத்த காட்சிகள். அவருடைய சொந்த வேலை இரண்டரை நிமிடத்துக்குப் பிறகுதான் வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பாட்டு.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்விகள் கேட்டோம். இதில் நீ செய்தது எது? இந்த நிறுவனம் கேட்கும் வேலைக்கு இது பொருந்துமா?

திரைப்படக் காட்சிகள் முதல் கேள்வியிலேயே போயின. படம்பிடித்ததும், நடிக்கவைத்ததும், முதலில் தொகுத்ததும் வேறு ஆட்கள். அவர் செய்தது தாளத்துக்கு வெட்டியது மட்டும். அதோடு, திரைப்படக் காட்சியும் பாட்டும் உரிமையுள்ளவை. யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரல் வந்து காணொலி முடக்கப்படலாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு ரீல் முடங்கினால் அந்தக் கடிதம் வெற்றுத்தாள்.

திருமணக் காட்சிகள் அழகாக இருந்தன. ஆனால் டிரோன் ஓட்டியவர் வேறு ஒருவர். தவிர, அது ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சி. தங்கள் முகங்களை வேலை விண்ணப்பத்தில் காட்ட அவர்கள் ஒப்புதல் தரவில்லை. அதையும் எடுத்துவிட்டோம்.

மிஞ்சியவை மூன்று. மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் ஒரு மூதாட்டியின் நேர்காணல். இரண்டு கேமராவில் எடுத்த ஒரு கல்லூரி மேடை நிகழ்ச்சி. நண்பர்களோடு எடுத்த குறும்படத்தில் இருவர் பேசும் காட்சி. பளபளப்பு இல்லாதவை என்று அவர் பின்னால் தள்ளியிருந்த இந்த மூன்றும்தான் அந்த நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமானவை.

நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு நிமிடம் பதிவானதை நான்கு நிமிடமாக்கியிருந்தார். பேசும் ஒருவரின் நடுவே ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்தால், வெட்டிய இடத்தில் அவர் தலை சட்டென்று துள்ளும். இதை ஜம்ப் கட் என்பார்கள். அந்த இடத்தை மறைக்க அவருடைய கைகளையோ, சுழலும் சக்கரத்தையோ, அடுக்கிய பானைகளையோ காட்டிவிட்டு முகத்துக்குத் திரும்புவார்கள். பார்வை சமாதானமாகிவிடும். காதுதான் எளிதில் ஏமாறாது. ஒவ்வொரு இடத்துக்கும் அதன் சொந்த அமைதி உண்டு: தூரத்து வாகனம், மின்விசிறி, காற்று. இரண்டு வாக்கியங்களை ஒட்டும்போது அந்தப் பின்னணி அறுபட்டால், சொல்லத் தெரியாவிட்டாலும் கேட்கிறவருக்கு உறுத்தும். அதனால்தான் படப்பிடிப்பின்போதே யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்வார்கள். தொகுக்கும்போது அதை அடியில் விரித்துவிட்டால் ஒட்டுத் தெரியாது. எடிட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்பது இந்த ஒட்டைக் கண்டுபிடிக்கத்தான்.

இந்த மாணவர் அதைச் செய்திருந்தார். அதோடு, பானையை மரக்கட்டையால் தட்டும் ஓசை முதலில் கேட்கும். ஒரு விநாடி கழித்துத்தான் படம் வரும். அடுத்த காட்சியின் ஒலி முன்னால் வருவதை ஜே கட் என்பார்கள். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை போட்ட பாட்டு இவை அத்தனையையும் மூடிவிட்டது. அவருடைய நல்ல வேலையை அவரே ஒளித்துவைத்திருந்தார். மோசமான ஒலியை மறைக்கத்தான் பலர் ரீல் முழுவதும் பாட்டுப் போடுகிறார்கள் என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். எனவே நல்ல ஒலி உள்ளவரும் அந்தச் சந்தேகத்துக்கு ஆளாவார்.

பாட்டை நீக்கினார். பெயர்ச் சுழற்சியை நீக்கி, முதல் காட்சியின் ஓரத்தில் பெயரைச் சிறியதாகப் போட்டார். நேர்காணல் முப்பத்தைந்து விநாடி, மேடை இருபத்தைந்து, குறும்படம் இருபது. மொத்தம் எண்பது விநாடி. துண்டுகளை மட்டும் காட்டினால் ஒரு முழுக் கதையை இவரால் நடத்திச் செல்ல முடியுமா என்பது தெரியாது. அதற்காக நான்கு நிமிட நேர்காணலின் முழு வடிவத்துக்கும் தனி இணைப்புக் கொடுத்தார்.

இனி கடிதம். ரீல் தெளிவானதும் கடிதத்தில் எழுத வேண்டியவை தாமாகவே வந்து நின்றன. அவர் இரண்டாம் முறை எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

"பொருள்: உதவி எடிட்டர் பணி – 80 விநாடி ஷோ ரீல் இணைப்புடன்

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் உதவி எடிட்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நேர்காணல்களைத் தொகுப்பது முதன்மை வேலை என்று அறிவிப்பில் பார்த்தேன். என் ரீலில் அதை முதலில் வைத்துள்ளேன்.

0:00 – 0:35: மானாமதுரை மண்பாண்டக் கலைஞரின் நேர்காணல். 42 நிமிடப் பதிவை 4 நிமிடமாகத் தொகுத்தேன். அவர் பேசியதன் வரிசையை மாற்றவில்லை. படம்பிடித்தவர் என் வகுப்புத் தோழர். தொகுப்பு, ஒலிச் சீரமைப்பு, தமிழ்த் துணைத்தலைப்பு ஆகியவை நான் செய்தவை. ஹெட்போனில் கேட்க வேண்டுகிறேன். முழு வடிவத்தின் இணைப்பு கீழே உள்ளது.

0:35 – 1:00: கல்லூரி மேடை நிகழ்ச்சி, இரண்டு கேமராக்கள். ஒரு கேமராவில் ஒலி பதிவாகவில்லை. படத்தில் தெரியும் கைதட்டலை மற்றக் கேமராவின் ஒலியோடு பொருத்தி ஒத்திசைத்தேன்.

1:00 – 1:20: குறும்பட உரையாடல். தொகுப்பு மட்டும் நான். வண்ணத் திருத்தம் வேறொருவர் செய்தது.

பிரீமியர் ப்ரோவில் இரண்டு ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். டாவின்சி ரிசால்வில் அடிப்படை வண்ணத் திருத்தம் செய்வேன். மோஷன் கிராபிக்ஸ் இன்னும் கற்கவில்லை. தமிழில் பிழையின்றித் துணைத்தலைப்பு எழுதுவேன்.

மாதிரிக்கு ஒரு பதிவைத் தொகுத்துத் தரச் சொன்னால் செய்து தருகிறேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பணியில் சேர இயலும்.

தங்கள் உண்மையுள்ள,"

கடிதம் இவ்வளவுதான். கணினித் திரையில் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இதில் மூன்று இடங்களை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலாவது, நேரக் குறிப்பு. "0:35" என்று எழுதினால், படிக்கிறவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு செய்தியை மட்டும் கடிதம் சுட்டுகிறது. நல்ல எடிட்டிங் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அது நல்ல எடிட்டிங் இல்லை. ஒரு கேமராவில் ஒலியே இல்லை என்பதைப் படம் பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. சிக்கல் என்னவாக இருந்தது என்று கடிதம் சொன்னால்தான் அந்த இருபத்தைந்து விநாடிக்குள் இருக்கும் உழைப்பு தெரியும். கடிதமும் ரீலும் ஒன்றையொன்று நிறைவு செய்வது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, "நான் செய்தது, மற்றவர் செய்தது" என்ற பிரிப்பு. காணொலி என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை. வண்ணம் அழகாக இருக்கிறதே என்று நினைத்து வேலைக்கு எடுத்துவிட்டு, அது வேறொருவர் செய்தது என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் இருவருக்கும் சங்கடம். "மோஷன் கிராபிக்ஸ் இன்னும் கற்கவில்லை" என்ற வரியை எழுத அவர் தயங்கினார். அந்த ஒரு வரி மற்ற வரிகளுக்குச் சாட்சி சொல்கிறது. தெரியாததை ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டதும் முக்கியம். "அனுபவமில்லாதவன், மன்னித்து வாய்ப்புத் தாருங்கள்" என்று இறங்கியிருந்தால் கடிதம் கெட்டிருக்கும்.

மூன்றாவது, தமிழ்த் துணைத்தலைப்பு. இது நம் துறையோடு தொடர்புடையது. பிரீமியர் ப்ரோவின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் தமிழைத் தட்டினால் எழுத்து உடையும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். "ண", "ன" வேறுபாடும், ஒற்று மிகும் இடமும் அறிந்த எடிட்டர் இருந்தால் நிறுவனத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை குறைகிறது. நாம் சொல்லிக்கொடுத்த எழுத்து ஒரு தொழில் தகுதியாக அந்தக் கடிதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். மின்னஞ்சலில் பெரிய காணொலியை இணைக்க முடியாது; ஜிமெயிலில் 25 எம்.பி.தான் எல்லை. அதனால் டிரைவில் ஏற்றி இணைப்புக் கொடுத்திருந்தார். அந்த இணைப்பை என் கைப்பேசியில் திறந்தபோது "You need access" என்று வந்தது. அவருடைய கைப்பேசியில் அது எப்போதும் திறக்கும், ஏனென்றால் அவர்தான் உரிமையாளர். டிரைவில் ஏற்றும் கோப்பு இயல்பாகப் பூட்டித்தான் இருக்கும். பகிர்வு அமைப்பில் "Anyone with the link" என்று மாற்றிய பிறகு திறந்தது. நிறைய விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒருவர், அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே இணைப்பை அனுப்புகிறவர், தம் கணக்கு இல்லாத வேறொரு கைப்பேசியில் ஒருமுறை திறந்து, கடைசி விநாடி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து அவரை அழைத்தார்கள். அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, கடிதத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. "வரிசையை மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன்?" அந்த மூதாட்டி ஓரிடத்தில், தொழிலை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்ததாகச் சொல்கிறார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மண்ணில் கை வைத்ததும் அந்த எண்ணம் போய்விடும் என்கிறார். முதல் வாக்கியத்தோடு வெட்டி, சோகமான இசையைப் போட்டால் பார்ப்பவர் கண் கலங்குவார். நண்பர்கள் அப்படித்தான் செய்யச் சொன்னார்களாம். "அப்படி வெட்டினால் அந்தப் பாட்டி சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். அந்த அமைதியையும் சேர்த்தே வைத்தேன்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

நேர்காணல்களைத் தொகுக்கும் நிறுவனத்துக்கு இதைவிட வேண்டிய பதில் வேறில்லை. வாய் திறந்து பேசிய மனிதரின் சொல், வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை முன்னே பின்னே வைத்தால் பொருள் தலைகீழாகும். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. "நான் நேர்மையானவன்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். அதை எவரும் சரிபார்க்க முடியாது. "வரிசையை மாற்றவில்லை" என்பதைச் சரிபார்க்கலாம். அசல் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும்.

பிறகு இருபத்தைந்து நிமிடப் பதிவு ஒன்றைக் கொடுத்து, அரை நாளில் இரண்டு நிமிடமாக்கச் சொன்னார்கள். ரீலில் இருந்தவை அனைத்தும் அவர் கையால் செய்தவை என்பதால் அங்கே அவருக்குப் புதிய வேலை எதுவும் இல்லை. ஆள் இரவல் வாங்கிய ரீலோடு போயிருந்தால் அந்த அரை நாளில் வெளிப்பட்டிருக்கும். மூன்று மாதத் தகுதிகாண் பருவத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்; அதை முடித்து இப்போது அங்கேயே பணியாற்றுகிறார். இதே கடிதத்தைச் சிறு மாற்றங்களோடு வேறு இரண்டு இடங்களுக்கும் அனுப்பியிருந்தார். அங்கிருந்து பதில் வரவில்லை. நல்ல கடிதமும் எல்லா இடத்திலும் கதவைத் திறந்துவிடாது. திறந்து பார்க்கிறவருக்கு உள்ளே இருப்பதைச் சரியாகக் காட்டும், அவ்வளவே.

வகுப்பறைக்கு இதிலிருந்து ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் விண்ணப்பக் கடிதம் நடத்தும் வாரத்தில், மாணவர்கள் தாங்களே செய்த ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓவியமோ, அறிவியல் மாதிரியோ, கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொலியோ எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்கப்போகும் ஒருவருக்கு ஐந்து வரி எழுதட்டும்: இதில் நான் செய்தது எது, உதவியவர் யார், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், என்ன சிக்கல் வந்தது, இன்னும் எது வரவில்லை. தொடக்க வகுப்புகளில் இதையே வாயால் சொல்லவைக்கலாம். பிறகு அந்தத் தாளையும் பொருளையும் பக்கத்து மாணவரிடம் மாற்றிக் கொடுத்து, எழுதியது பொருளில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "கடின உழைப்பாளி" என்ற சொல்லை யாராவது எழுதியிருந்தால், அதைப் பொருளில் எங்கே பார்ப்பது என்று பக்கத்து மாணவரே கேட்டுவிடுவார்.

அந்த ஐந்து வரிகளுக்கு மேலே அனுப்புநர், பெறுநர், பொருள் என்றும் கீழே இப்படிக்கு என்றும் சேர்த்துவிட்டால் கடிதம் முடிந்தது. வடிவம் நமக்கு ஏற்கெனவே தெரியும்.